20 நிமிடத்துக்கு ஒரு பஸ், 14 நிமிடக் காத்திருப்பு

நான் வீடுகளுக்குச் சென்று சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தால் கை கால் தளர்ந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்துப் படுக்கையில் இருப்பவர்கள் என்று நாகர்கோவிலுக்கும் கணபதிபுரத்துக்கும் இடையில் ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு பேரைப் பார்ப்பேன். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக அந்தப் பேருந்தையே நம்பியிருக்கிறேன். ராஜாக்கமங்கலத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு நிறுத்தத்தில்தான் பிற்பகலில் அதிகமாகக் காத்திருக்க நேரும். அங்கே யாரைக் கேட்டாலும் "இருபது நிமிசத்துக்கு ஒரு வண்டி உண்டு" என்பார்கள்.

அந்தச் சொல்லை வைத்து நான் போட்ட கணக்கு எளிமையானது. சிகிச்சை எப்போது முடியும் என்று எனக்கே தெரியாது. ஒருவர் அன்று நன்றாக ஒத்துழைப்பார், 35 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொருவருக்குத் தோளில் வலி எடுத்துவிட்டால் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே நான் நிறுத்தத்துக்கு வந்து சேரும் வேளைக்கும் பேருந்து வரும் வேளைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அதிர்ஷ்டம் இருந்தால் உடனே பஸ் கிடைக்கும், இல்லாவிட்டால் முழு 20 நிமிடமும் நிற்க வேண்டியிருக்கும், எனவே சராசரியாக 10 நிமிடம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டாருக்கு நேரம் சொல்லி வந்தேன்.

அந்த அடுத்த வீடு கணபதிபுரத்தில் இருந்தது. அங்கே இருந்த அம்மாவை நான் சொன்ன நேரத்துக்கு அவருடைய மகள் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் அமர வைத்திருப்பார். அந்த அம்மாவால் அப்போது கால் மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்கார முடியாது. நான் தாமதமாகப் போய்ச் சேரும்போது அவர் சோர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருப்பார், அன்றைய பயிற்சியில் பாதி வீணாகிவிடும். மகள் ஒரு முறைகூடக் கடிந்து பேசவில்லை. "பரவாயில்லக்கா, பஸ்ஸு அப்படி" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் அது மிகவும் உறுத்தியது. நிறுத்தத்துக்கு வந்த நேரத்தையும் பஸ் ஏறிய நேரத்தையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். 30 பயணங்களில் மொத்தம் 426 நிமிடம் காத்திருந்திருக்கிறேன். வகுத்துப் பார்த்தால் ஒரு பயணத்துக்கு 14 நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

பஸ்ஸின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியவர் என்னுடைய நோயாளிகளில் ஒருவர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். அவருடைய வீட்டுத் திண்ணைக்கு நேர் எதிரில்தான் அந்த நிறுத்தம். பக்கவாதத்தால் அவருடைய வலக்கை விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. அதற்குப் பயிற்சியாக எதையாவது தினமும் எழுதச் சொன்னபோது, "வெறுமனே எழுத எனக்கு மனசு வராது மக்களே, எழுதறதுக்கு ஒரு காரியம் வேணும்" என்றார். பஸ் வரும் நேரத்தை எழுதுங்கள் சார் என்றேன். பிடி எளிதாக இருப்பதற்காகப் பேனாவின் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுத்தேன். பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் ஒரு வரிக்கு ஒரு நேரமாக எழுதி வந்தார். முதல் வாரத்தில் 3 எது, 8 எது என்று பிரித்தறிவதே கடினமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் எண்கள் கோட்டுக்குள் நின்றன.

அந்த மூன்றாம் வாரத்துப் பக்கம் ஒன்றை இங்கே தருகிறேன். கணபதிபுரம் போகும் பேருந்துகள் அன்று வந்த நேரங்கள் இவை: 2:00, 2:08, 2:43, 2:55, 3:26, 3:30, 3:58, 4:18, 4:55, 5:00. இடைவெளிகளை நிமிடத்தில் எழுதினால் 8, 35, 12, 31, 4, 28, 20, 37, 5 என்று வரும். மொத்தம் 9 இடைவெளிகள், 180 நிமிடம். சராசரி சரியாக 20 நிமிடம். ஆக, "20 நிமிடத்துக்கு ஒரு வண்டி" என்று ஊரார் சொன்னது பொய்யில்லை. ஒரு வண்டியும் குறையவில்லை. அப்படியிருந்தும் என்னுடைய காத்திருப்பு 10 நிமிடமாக இல்லை.

ஏன் என்பதைச் சார் அந்த நோட்டின் பின்புறத்தில் ஒரு நீண்ட கோடு போட்டுக் காட்டினார். அதில் பேருந்து வந்த நேரங்களைச் சிறு குறுக்குக் கோடுகளாக வைத்தார். பிறகு என் கையில் ஒரு கடுகைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் போடச் சொன்னார். கடுகு 4 நிமிட இடைவெளியில் விழுவது அரிது, 37 நிமிட இடைவெளியில் விழுவது எளிது, ஏனென்றால் அதுதான் கோட்டில் நீளமான பகுதி. எந்த நேரம் என்று தெரியாமல் நிறுத்தத்துக்கு வரும் பயணியும் அந்தக் கடுகைப் போன்றவர்தான். பேருந்தின் பக்கம் நின்று எண்ணினால் 9 இடைவெளிகளில் 4 மட்டுமே 20 நிமிடத்தைத் தாண்டுகின்றன. ஆனால் அந்த நான்கும் சேர்ந்து 35, 31, 28, 37 என்று 131 நிமிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 180 நிமிடத்தில் 131 என்றால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அதாவது, நான்கு பயணிகளில் மூன்று பேர் ஒரு நீண்ட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். குறுகிய இடைவெளிகள் சராசரியைக் குறைத்துக் காட்டும், ஆனால் அவற்றால் பயன் பெறுகிறவர்கள் மிகச் சிலரே.

இதைச் சிறிய எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பஸ் 10 நிமிடம் கழித்தும் அடுத்தது 30 நிமிடம் கழித்தும் மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி இடைவெளி 20தான். 40 நிமிடத்தில் 10 நிமிடம் குறுகிய இடைவெளிக்குச் சொந்தம், 30 நிமிடம் நீண்டதற்குச் சொந்தம். நான்கில் ஒரு முறை குறுகியதில் வந்து சராசரியாக 5 நிமிடம் நிற்பேன். நான்கில் மூன்று முறை நீண்டதில் வந்து சராசரியாக 15 நிமிடம் நிற்பேன். இரண்டையும் அதனதன் பங்கோடு சேர்த்தால் 12.5 நிமிடம். இரண்டு பேருந்துகளும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வந்தால் 40 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ஜோடி வருகிறது என்று பொருள்; அப்போது காத்திருப்பு 20 நிமிடமாகிவிடும். 20 நிமிடத்துக்கு ஒன்று என்னும் சராசரி மூன்று நிலைகளிலும் மாறவே இல்லை.

எந்த நிறுத்தத்துக்கும் பொருந்தும் கணக்கு இது. ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையை மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். இடைவெளியை g என்றும் சராசரிக் காத்திருப்பை W என்றும் எழுதினால்:

```
W = (g1² + g2² + ... + gn²) / (2 × (g1 + g2 + ... + gn))
```

சாருடைய பக்கத்தில் இருந்த எண்களுக்கு மேலே 4988, கீழே 360. விடை 13.86, அதாவது 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. என் கைப்பேசியில் 30 பயணங்களுக்குக் கிடைத்த சராசரியும் அதை ஒட்டியே இருந்ததைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்து பேருந்துகளை எண்ணினார், நான் சாலையோரத்தில் நின்று என் நிமிடங்களை எண்ணினேன், இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. மற்ற நாட்களின் பக்கங்களையும் இதே முறையில் கணக்கிட்டபோது விடை 12 நிமிடத்துக்கும் 15 நிமிடத்துக்கும் இடையில் ஏறி இறங்கியது. 10 நிமிடமாக ஒரு நாளும் வரவில்லை. எல்லா இடைவெளிகளும் சரியாக 20 நிமிடமாக இருக்கும் ஒரு நாளில்தான் 10 கிடைக்கும். அதுவே அடிமட்டம். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

இடைவெளிகள் ஏன் இப்படிக் கலைகின்றன என்பதை அறிய, நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையத்தில் கடை வைத்திருக்கும் என் அத்தை மகனிடம், அதே வாரத்தில் ஒரு நாள், அதே தடத்தின் பேருந்துகள் புறப்படும் நேரத்தைக் குறித்துத் தரச் சொன்னேன். அங்கே இடைவெளிகள் 17, 22, 20, 19, 24, 18, 21, 16, 23 என்று இருந்தன. இங்கும் 9 இடைவெளிகள், 180 நிமிடம். மேலே சொன்ன கணக்கில் போட்டால் காத்திருப்பு 10.2 நிமிடம்தான். புறப்படும் இடத்தில் ஏறத்தாழச் சீராக இருந்தவை சுமார் 40 நிமிடப் பயணத்தில் குலைந்துவிடுகின்றன. செட்டிகுளம் சந்திப்பில் ஒரு வண்டி சில நிமிடம் நின்றுவிட்டால், அந்தச் சில நிமிடத்தில் அடுத்தடுத்த நிறுத்தங்களில் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தை ஏற்றிக்கொள்ள அந்த வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் நேரமாகிறது, தாமதம் மேலும் வளர்கிறது. பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளே இல்லை, அது விரைந்து வந்து முன்னதன் வாலைப் பிடித்துவிடுகிறது. மாலை 4:18க்குப் பிறகு 37 நிமிடம் ஒன்றும் வராமல், 4:55க்கும் 5:00க்கும் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்தது பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில்தான். இதில் ஓட்டுநர்மீதும் நடத்துநர்மீதும் குறை காண எனக்கு மனம் வரவில்லை. இருவரும் நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இந்த வேறுபாட்டிலிருந்து எனக்கு ஒரு வழி கிடைத்தது. நகரத்துக்குள் முடிகிற சிகிச்சைகளுக்குப் பிறகு, முன்பெல்லாம் அருகில் இருக்கும் நிறுத்தத்தில் நிற்பேன். இப்போது ஐந்து நிமிடம் நடந்தாலும் நேராக அண்ணா பேருந்து நிலையத்துக்கே போய்விடுகிறேன். காத்திருப்பில் மிச்சமாவது மிகப் பெரிய நேரமில்லைதான். ஆனால் அங்கே 25 நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்ததே இல்லை, அந்த உறுதிதான் எனக்குத் தேவைப்பட்டது.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது வேறொரு கேள்விக்குக் கிடைத்த விடை. நிறுத்தத்தில் 10 நிமிடம் நின்றாயிற்று, இன்னும் பஸ் வரவில்லை. இனி எவ்வளவு நேரம் ஆகும்? சீராக 20 நிமிடத்துக்கு ஒன்று வருமானால், இனி அதிகபட்சம் 10 நிமிடம், சராசரியாக 5 நிமிடம். இதை நம்பித்தான் நான் பலமுறை கணபதிபுரத்துக்குப் போன் செய்து "இப்போ வந்திரும், அம்மாவை உட்கார வச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறேன். சாருடைய பக்கத்தை வைத்து அதைக் கணக்கிட்டோம். ஒருவர் 10 நிமிடம் நின்றும் பஸ் கிடைக்கவில்லை என்றால் அவர் 8, 4, 5 நிமிட இடைவெளிகளில் வந்தவராக இருக்க முடியாது. எஞ்சிய ஆறு இடைவெளிகளில் ஒன்றில்தான் அவர் இருக்கிறார், அவற்றிலும் நீண்ட ஒன்றில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் 10 நிமிடத்தைக் கழித்தால் 25, 2, 21, 18, 10, 27 என்று கிடைக்கும். இவற்றுக்கு அதே கணக்கைப் போட்டால் விடை 10.8 நிமிடம். அதாவது 10 நிமிடம் நின்ற பிறகும் சராசரியாக இன்னும் 11 நிமிடம் நிற்க வேண்டும். நிறுத்தத்துக்கு வந்த உடனே எதிர்பார்க்க வேண்டியது 14 நிமிடம். 10 நிமிடம் நின்று கழித்தாலும் அதில் மூன்று நிமிடம் மட்டுமே குறைகிறது. அன்றிலிருந்து, 10 நிமிடம் நின்றுவிட்டேன் என்பதை வைத்து யாரிடமும் "இப்போ வந்திரும்" என்று சொல்வதை விட்டுவிட்டேன். பஸ்ஸைக் கண்ணால் பார்த்து, ஏறி உட்கார்ந்த பிறகே போன் செய்கிறேன்; அங்கிருந்து பயணத்துக்குத் தேவைப்படும் நேரம் அந்த அம்மாவை எழுப்பி உட்கார வைக்கப் போதுமானது.

நீண்ட நேரம் காத்திருந்து வரும் வண்டி நிறைந்து வழியும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என் பையில் மின் தூண்டல் கருவி இருக்கும் நாட்களில் அந்த நெரிசலில் ஏற எனக்கு அச்சம். அப்படிப்பட்ட வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அதே பக்கத்தில் பார்த்தேன். 35க்குப் பிறகு 12, 31க்குப் பிறகு 4, 28க்குப் பிறகு 20, 37க்குப் பிறகு 5. சராசரியாக 10 நிமிடம். நான்கில் இரண்டு முறை ஐந்து நிமிடத்துக்குள் இடம் உள்ள வண்டி வந்திருக்கிறது. ஒரு முறை முழு 20 நிமிடமும் ஆகியிருக்கிறது. ஒரு நாள் பதிவு என்பதால் இதை விதியாகக் கொள்ள மாட்டேன். இருந்தாலும், மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து பரிசோதனைக்குப் போகும் முதியவர்களிடம், வெகு நேரம் கழித்துக் கூட்டத்தோடு வரும் வண்டியில் முண்டியடித்து ஏறாமல் அடுத்ததற்கு நிற்கும்படி சொல்லி வருகிறேன்.

நீங்களும் இப்படிக் குறித்துப் பார்க்க விரும்பினால், நான் செய்த ஒரு பிழையைச் செய்யாதீர்கள். மூன்று நாட்கள் 25 நிமிடத்துக்கு மேல் நின்று, பொறுமை இழந்து, ஆட்டோவில் போய்விட்டேன். பஸ் ஏறாததால் அந்த நாட்களை என் பட்டியலில் சேர்க்கவில்லை. மிக நீண்ட காத்திருப்புகளே விடுபட்டுப் போனதால் என்னுடைய சராசரி இருக்க வேண்டியதைவிடக் குறைவாகத்தான் வந்திருக்கும். சார் திண்ணையிலிருந்து எழுதியதில் இந்தக் குறை கிடையாது, ஏனென்றால் அவர் குறித்தது பேருந்தை; யார் ஏறினார், யார் ஏறவில்லை என்பது அவருக்குத் தேவையில்லை. ஆகவே காத்த நிமிடங்களைக் குறிப்பதைவிட, நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவரோ திண்ணையில் இருப்பவரோ பேருந்து வரும் நேரத்தைக் குறிப்பதே நல்லது. அப்படிக் குறித்த பக்கத்தில் முதலில் இடைவெளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மூன்று மணி நேரத்தில் 9 இருந்தால் வண்டிகள் குறையவில்லை, சீர்தான் கெட்டிருக்கிறது. 8 அல்லது 7 இருந்தால் நடைகளே விடுபட்டிருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு குறைகள், மனு எழுதும்போது எது என்று தெளிவாகச் சொன்னால்தான் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் புரியும். காலை 7:40 வண்டி என்று நேரம் அறிந்து வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நேரம் தெரியாமல் வந்து நிற்பவர்களுக்குத்தான் இது.

என்னுடைய நாளை இப்போது 14 நிமிடத்தை வைத்துக்கூடத் திட்டமிடுவதில்லை. சராசரியை நம்பிப் போனால் பல நாட்கள் தாமதமாகும். அந்த நாற்காலியில் இருப்பவருக்கு என் சராசரியால் பயனில்லை. பத்தில் ஒன்பது முறையாவது சொன்ன நேரத்துக்குள் போக வேண்டுமென்றால் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று சாரிடம் கேட்டேன். 28 நிமிடத்தைத் தாண்டும் பகுதிகளை மட்டும் அவர் கூட்டினார்: 35இல் 7, 31இல் 3, 37இல் 9, ஆக 19 நிமிடம். 180இல் 19 என்பது பத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. பேருந்து சீராக வந்தால் இதே உறுதிக்கு 18 நிமிடம் போதும். இங்கே 28 வேண்டும். அந்த 28 நிமிடத்தை ஒதுக்கியதால் பிற்பகலில் ஒரு நோயாளியைக் குறைக்க வேண்டியதாயிற்று, அவரைக் காலை நேரத்துக்கு மாற்றினேன்.

கணபதிபுரத்து அம்மா இப்போது நாற்காலியில் 40 நிமிடம் உட்காருகிறார். சார் சைக்கிள் டியூப் சுற்றாத பேனாவில் எழுதத் தொடங்கியிருக்கிறார். மழைக்காலப் பிற்பகல்களுக்குத் தனியாக ஒரு புதிய நோட்டு வாங்கி வரும்படி போன வாரம் என்னிடம் பணம் கொடுத்தார்.